மேப் பின் ஏமாற்றும் முகவரிக்கு டிரைவரை எப்படி வரவழைப்பது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

வண்டி வந்துவிட்டதாக ஆப் சொல்கிறது. வாசலில் வண்டி இல்லை. டிரைவர் போன் செய்து "லொகேஷன்லதான் சார் நிக்கிறேன்" என்கிறார். அவர் சொல்வதும் பொய் இல்லை. பின் விழுந்த இடத்தில்தான் நிற்கிறார்.

இப்படி அடிக்கடி நடக்கும் முகவரியில் இருப்பவர்கள் கடைசியில் நான்கில் ஒன்றைச் செய்கிறார்கள். பின்னை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு அங்கே போய் நிற்பது ஒன்று. அடையாளங்களை வைத்து வழியை எழுதி அனுப்புவது இரண்டு. போனில் பேசிப் பேசியே வரவழைப்பது மூன்று. லைவ் லொகேஷன், பிளஸ் கோடு போன்றவற்றை அனுப்புவது நான்கு. எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. உங்கள் பின் எந்த விதத்தில் தவறுகிறது என்று தெரிந்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

## பின் இரண்டு விதமாகத் தவறும்

முதல் விதம், இடமே தப்பு. வானம் திறந்த வெளியில் செல்போனின் ஜிபிஎஸ் பொதுவாகச் சுமார் 5 மீட்டர் வட்டத்துக்குள் உங்களைக் காட்டிவிடும். உயரமான கட்டடங்களுக்கு நடுவில் சிக்னல் சுவரில் பட்டுச் சுற்றி வருவதால் அந்தக் கணக்கு பிசகும். கட்டடத்துக்குள் இருந்தால் இன்னும் மோசம். மேப்பில் உங்களைக் காட்டும் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிறிய வட்டம் ஒன்று தெரிகிறதா? "இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறாய்" என்று மேப்பே ஒப்புக்கொள்வதுதான் அது. வட்டம் பெரிதாக இருக்கும்போது வண்டி பதிவு செய்தால் பின் அடுத்த தெருவில் விழுவதில் வியப்பில்லை. இது போக, கதவு எண்ணைத் தட்டச்சு செய்து தேடும்போது, அந்த எண் மேப்பில் இல்லையென்றால் தெருவின் நீளத்தைப் பங்கு போட்டு உத்தேசமாக ஓர் இடத்தைக் காட்டுவதும் உண்டு.

இரண்டாவது விதம் கொஞ்சம் தந்திரமானது. பின் சரியாக உங்கள் கட்டடத்தின் மேலேயே இருக்கும், ஆனால் வண்டி வேறு சாலைக்கு வந்து நிற்கும். கட்டடத்தின் நடுவில் இருக்கும் பின்னுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போக முடியாது. ஆகவே ஆப் அந்தப் பின்னுக்கு நேர்க்கோட்டில் எந்தச் சாலை மிக அருகில் இருக்கிறதோ அதில் பயணத்தை முடித்துவிடும். நடுவில் மதில் இருப்பதும், அந்தப் பக்கம் வாசலே இல்லை என்பதும் அதற்குத் தெரியாது.

உங்கள் முகவரி எந்த வகை என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. கூகுள் மேப்பில் வேறு எங்கிருந்தாவது உங்கள் வீட்டுக்குக் கார் வழி போட்டுப் பாருங்கள். பின்னை விட்டுவிட்டு, தடித்த கோடு எந்தச் சாலையில் முடிகிறது என்று கவனியுங்கள். அங்கிருந்து பின் வரைக்கும் புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு போனால், "இனி நடந்து போ" என்று அர்த்தம். அந்தப் புள்ளிக்கோடு மதிலைத் துளைத்துக்கொண்டு போகிறதென்றால் உங்களுடையது இரண்டாவது வகை. வேறு திசையிலிருந்தும் ஒருமுறை வழி போட்டுப் பாருங்கள், சில சமயம் பதில் மாறும்.

இந்தப் பிரிவினை எதற்கென்றால், முதல் வகைக் கோளாறைத் தீர்க்கிற வழி இரண்டாவது வகையில் ஒன்றுக்கும் உதவாது. பலரும் அல்லாடுவது இங்கேதான்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது நான்கு விஷயம்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவரால் அதைப் பயன்படுத்த முடியுமா? படிக்கவோ தட்டவோ வேண்டியிருந்தால் அவர் எங்காவது ஓரம் கட்ட வேண்டும்.

அவர் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அது செல்லுபடியாகுமா? நம் வீட்டுக்கு நாம் வரும் வழி ஒன்று, அவர் வரும் வழி வேறு.

தவறினால் அது அவருக்கு எப்போது தெரியும்? ஐம்பது மீட்டரில் தெரிந்தால் சரி. ஒரு கிலோமீட்டர் போன பிறகு தெரிந்தால் யூ-டர்ன், காத்திருப்பு, எரிச்சல்.

கடைசியாக, செலவு யார் தலையில்? காசு மட்டும் செலவு இல்லை. நடை, நனைவது, முன்பின் தெரியாதவரிடம் சொந்த எண் போவது, எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

## ஒப்பிட ஒரு கட்டடம்

நான்கையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். அதன் பின்மதில் பெரிய சாலையை ஒட்டி இருக்கிறது. வாசல் இருப்பது அந்தச் சாலைக்கு இணையாகப் போகும் உள்தெருவில். கட்டடத்தின் நடுவிலிருந்து பெரிய சாலை 25 மீட்டர், உள்தெரு 40 மீட்டர். ஆகவே ஆப் வண்டியைப் பெரிய சாலைக்குத்தான் அனுப்பும்.

டிரைவர் பெரிய சாலையில் வருகிறார். முதலில் ஒரு சிக்னல், அதன் முனையில் பெட்ரோல் பங்க். அதைக் கடந்து 200 மீட்டரில் இடப்பக்கம் நம் பின்மதில். சாலை நடுவே தடுப்பு இருக்கிறது. மதில் வரை வந்துவிட்டவர் வாசலுக்கு வர வேண்டுமானால், நேரே போய் அடுத்த யூ-டர்னில் திரும்பி, மறுபடி அந்தச் சிக்னலுக்கே வர வேண்டும்.

சரியான வழி இது: சிக்னலில் பங்க்கை ஒட்டிய தெருவுக்குள் திரும்ப வேண்டும். அதில் முதலில் வரும் வலப்பக்கத் திருப்பம் முட்டுச்சந்து. இரண்டாவதுதான் நம் தெரு, முனையில் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. திரும்பி 200 மீட்டர் போனால் வலப்பக்கம் பச்சை கேட். கேட்டையும் தாண்டி இன்னும் கொஞ்சம் போனால் பெரிய தண்ணீர்த் தொட்டி.

## வழி ஒன்று: பின்னை நகர்த்துவது

செலவு குறைவான வழி இதுதான். அதனால் முதலில் முயல வேண்டியதும் இதுவே. ஆனால் பெரும்பாலானவர்கள் பின்னைத் தப்பான இடத்துக்கு நகர்த்துகிறார்கள். கட்டடத்தின் மேல் இன்னும் துல்லியமாக, தங்கள் பிளாக்கின் உச்சியிலேயே வைக்கப் பார்க்கிறார்கள். அதனால் பயனில்லை. பின்னைக் கட்டடத்திலிருந்து எடுத்து, வாசலுக்கு நேரே தெருவின் மேலேயே வைக்க வேண்டும். பின் உள்தெருவின் கோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டால் மிக அருகில் உள்ள சாலை அதுதான். ஆப்புக்கு வேறு சாலையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இல்லை. நம் கட்டடத்தில் இந்த 40 மீட்டர் நகர்த்தலே பல நாள் போதும்.

எப்போது போதாது? உள்தெரு மேப்பில் வரையப்படவே இல்லையென்றால் போதாது. வரையப்பட்டிருந்தும் பங்க் பக்கத் தெருவோடு அது சேரவில்லை என்று மேப் நினைத்தாலும் போதாது. அப்போது ஆப் வண்டியை எங்கெங்கோ சுற்ற வைக்கும். அந்த நிலையில் பின்னை நீங்கள் நடந்து போகக்கூடிய, மேப்புக்கும் டிரைவருக்கும் சந்தேகமே இல்லாத ஓர் இடத்துக்குக் கொண்டு போக வேண்டும். இங்கே அது டிரான்ஸ்பார்மர் முனை அல்லது பங்க்.

மறைந்திருக்கும் செலவு அப்போதுதான் வருகிறது. பெட்டிகளோடு, மழையில், முழங்கால் வலியுள்ள ஒருவரை 200 மீட்டர் நடக்க வைக்க வேண்டியிருக்கும். போய் நிற்கும் இடத்தில் வண்டி நிறுத்த இடம் இருக்க வேண்டும். சிக்னல் முனையிலேயே பின் வைத்தால் டிரைவரால் நிற்க முடியாது, உங்களைப் பார்த்துக்கொண்டே கடந்து போவார். பதிவு செய்த பிறகு பின்னை மாற்றினால் சில ஆப்களில் கட்டணமும் மாறும். ஆகவே பதிவு செய்யும் முன்பே நகர்த்துவது நல்லது.

தனியாக, கை வீசிக்கொண்டு கிளம்புகிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

## வழி இரண்டு: அடையாளம் சொல்லி எழுதி அனுப்புவது

இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். எல்லோருமே செய்வதாக நினைக்கிறோம், ஆனால் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கிறது:

"பெரிய தண்ணீர்த் தொட்டி பக்கத்தில், பெட்ரோல் பங்க் பின்புறம், பச்சை கேட்."

மூன்றும் உண்மையான அடையாளங்கள், ஆனாலும் டிரைவரால் வந்து சேர முடியாது. "பக்கத்தில்" என்றால் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்? "பின்புறம்" என்பது பங்க்குக்கு எது முன்புறம் என்று தெரிந்தவருக்குத்தான் விளங்கும். "எதிரில்" இன்னும் ஆபத்தானது. நடுவில் தடுப்பு உள்ள சாலையில் எதிர்ப்பக்கம் என்பது ஒரு யூ-டர்ன் தூரம். மேலே உள்ள வரி, அந்த இடத்தை ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டும் பயன்படும் வரி.

தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். அது தூரத்திலிருந்தே தெரியும், ஊரில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். ஆனால் எங்கே திரும்ப வேண்டும் என்று அது சொல்லாது. தொட்டியைக் குறி வைத்து வரும் டிரைவர் பெரிய சாலையிலேயே அதற்கு நேராக வந்து நிற்பார். பெரிய அடையாளம் நல்ல அடையாளம் என்று நினைப்பதுதான் சிக்கல். திருப்பத்தில் நிற்கும் சின்ன டிரான்ஸ்பார்மர் இந்த வேலைக்கு அதைவிட மேல்.

நான் அடையாளங்களை மூன்று வேலைகளாகப் பிரித்துக்கொள்வேன். தொடங்கும் அடையாளம்: டிரைவருக்கும் மேப்புக்கும் தெரிந்த, சந்தேகம் இல்லாத இடம். திரும்பும் அடையாளம்: ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்று, அந்த முனையிலேயே இருப்பது. தாண்டிவிட்டதைச் சொல்லும் அடையாளம்: இதைப் பார்த்தால் அதிகம் வந்துவிட்டீர்கள் என்று காட்டுவது. இந்த மூன்றாவதை ஏறக்குறைய யாருமே எழுதுவதில்லை. ஆனால் தவறு எப்போது தெரியும் என்ற கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி இந்த வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

இனி அதே முகவரி:

"மேப் பின்மதிலுக்குக் கொண்டுபோகும், அங்கே வாசல் இல்லை. பெட்ரோல் பங்க் சிக்னலில், பங்க்கை ஒட்டிய தெருவுக்குள் திரும்புங்கள். முதல் வலது முட்டுச்சந்து. இரண்டாவது வலது, முனையில் டிரான்ஸ்பார்மர். பச்சை கேட் வலப்பக்கம். தண்ணீர்த் தொட்டி வந்தால் தாண்டிவிட்டீர்கள்."

இதில் சில விஷயங்கள் வேண்டுமென்றே செய்யப்பட்டவை. முதல் வரியே மேப்பை நம்ப வேண்டாம் என்கிறது. அது இல்லாவிட்டால் டிரைவர் உங்கள் செய்தியையும் மேப்பையும் ஒப்பிட்டு, இரண்டும் முரண்படும் இடத்தில் மேப்பின் குரலைத்தான் கேட்பார். அது அவர் காதருகே பேசிக்கொண்டே இருக்கிறது, உங்கள் செய்தி எப்போதோ வந்தது.

சிக்னலில் "இடது" என்று எழுதாமல் "பங்க்கை ஒட்டிய தெரு" என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. அந்தப் பக்கமிருந்து வருபவருக்கு, அல்லது தவறிப்போய் யூ-டர்ன் அடித்துத் திரும்பி வருபவருக்கு, அதே திருப்பம் வலதாகிவிடும். பங்க் இடம் மாறாது. உள்ளே நுழைந்த பிறகு எல்லோரும் ஒரே திசையில்தான் போகிறார்கள், அதனால் அங்கே வலது இடது சொல்லலாம்.

தூரத்தை மீட்டரில் எழுதாததும் அப்படித்தான். ஓட்டும்போது யாரும் மீட்டர் எண்ணுவதில்லை, திருப்பங்களைத்தான் எண்ணுகிறார்கள். ஆனால் எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எது திருப்பம், எது வெறும் வீட்டு வழி என்று உங்களுக்கும் அவருக்கும் வேறுபடும். அந்த முட்டுச்சந்தை நீங்கள் தெருவாகவே நினைத்திருக்க மாட்டீர்கள். அவருக்கு அது முதல் வலது. அதனால்தான் எண்ணிக்கையோடு டிரான்ஸ்பார்மரையும் சேர்த்துச் சொல்வது. ஒன்று பிசகினால் மற்றது பிடித்துக்கொள்ளும்.

அடையாளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது டிரைவர் இருக்கையிலிருந்து பார்க்க வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது மெதுவான வேகம்தான். ஆனாலும் வண்டி நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் போகிறது. ஒரு பலகை 20 மீட்டர் நெருங்கிய பிறகுதான் கண்ணில் படும் என்றால், பார்த்து, முடிவு செய்து, திரும்ப அவருக்கு இருப்பது இரண்டரை நொடி. பின்னால் வண்டிகள் வேறு வருகின்றன. நாம் நடந்து போய்ப் பழகிய கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் தையல் கடையும், சுவரில் ஒட்டிய பெயர்ப்பலகையும் அவருக்கு இல்லாதவை.

அடுத்தது இரவு. கடை மூடி, பலகை விளக்கும் அணைந்துவிட்டால் அந்த அடையாளம் இல்லை. பகலில் தெளிவாகத் தெரியும் பச்சை கேட் மஞ்சள் தெருவிளக்கில் என்ன நிறம் என்று ஒருமுறை வெளியே போய்ப் பாருங்கள். இரவுக்கு ஒளி உள்ளவை வேண்டும்: ஏடிஎம், பங்க், இரவெல்லாம் திறந்திருக்கும் மருந்துக்கடை. ஒரே பெயரில் பல கிளைகள் உள்ள கடையைச் சொல்லவே கூடாது. டிரைவர் வரும் வழியில் இன்னொரு கிளை இருந்தால் அங்கேயே திரும்பிவிடுவார்.

இந்த வழியின் மறைமுகச் செலவு பராமரிப்பு. கடை கைமாறும், சுவருக்கு வேறு வண்ணம் அடிப்பார்கள், சாலை வேலைக்காகத் தெருவை அடைப்பார்கள். எழுதி வைத்த வரியை அவ்வப்போது வெளியே போய்ச் சரிபார்க்க வேண்டும். இன்னொன்று, அனுப்பும் நேரம். டிரைவர் கிளம்பிய பிறகு நீளமான செய்தி அனுப்பினால் அவர் படிக்க மாட்டார், படித்தால் அதைவிட ஆபத்து. வண்டி உறுதியானவுடன், அவர் இன்னும் நின்றுகொண்டிருக்கும்போதே அது போய்ச் சேர வேண்டும். எழுத்து வாசிக்கத் தயங்குபவருக்கும் வேறு மொழிக்காரருக்கும் இது உதவாது. முடிந்தால் அதையே குரல் பதிவாக அனுப்புங்கள்.

முன்கூட்டியே எழுதி போனில் சேமித்து வைத்திருந்தால் மட்டும் இந்த வழி மலிவு. அவசரத்தில் எழுதினால் "தொட்டி பக்கத்தில்" என்றுதான் வரும்.

## வழி மூன்று: போனில் பேசியே வரவழைப்பது

திசை தெரியாமல் தவிக்கும் டிரைவருக்கு மனிதக் குரல் ஆறுதல். நல்லபடியாகச் செய்தால் இதுதான் அதிகம் வளைந்து கொடுக்கும் வழி. தவறு நடந்த அடுத்த நொடி திருத்தலாம். ஆனால் விலையும் அதிகம். பல டிரைவர்களுக்கு மேப் ஓடுவதும் அழைப்பு வருவதும் ஒரே போனில்தான். அழைப்பு வந்ததும் மேப் திரை மறைந்துவிடும். கையில் போனைப் பிடிக்காவிட்டாலும், பேசிக்கொண்டே ஓட்டுவது கவனத்தைத் தின்னும். ஸ்பீக்கரில் போட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை.

வழக்கமாக நடக்கும் உரையாடல் இப்படி:

"எங்க அண்ணா இருக்கீங்க?"
"இங்கதான், மெயின் ரோட்டுல."
"அப்படியே நேரா வாங்க."

"நேரா" என்பது அவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பதைப் பொறுத்தது, அதைக் கேட்கவே இல்லை. பேச வேண்டியது இப்படி:

"அண்ணா, வண்டியை ஓரமா நிறுத்திக்கோங்க. இப்ப உங்க இடது கைப்பக்கம் என்ன தெரியுது?"
"நீளமா ஒரு சுவர்."
"பெட்ரோல் பங்க்கைத் தாண்டி வந்தீங்களா, இன்னும் வரலையா?"
"தாண்டிட்டேன் மேடம்."
"சரி, அப்ப சிக்னலுக்கே திரும்பி வரணும். பங்க்கை ஒட்டி உள்ள போற தெரு. அங்க வந்து நின்னுட்டுக் கூப்பிடுங்க."

இரண்டு கேள்வியில் அவர் இருக்குமிடமும், முகம் பார்க்கும் திசையும், அடுத்த ஓர் அசைவும் கிடைத்துவிட்டன. ஒரு நேரத்தில் ஓர் அசைவுதான். ஐந்து திருப்பத்தையும் ஒரே மூச்சில் சொன்னால் மூன்றாவதில் மறந்துவிடும். சொன்னதை அவரையே திரும்பச் சொல்லச் சொன்னால் தவறு அங்கேயே தெரிந்துவிடும். ஆப்பில் நகரும் கார் படத்தைப் பார்த்துக்கொண்டு "இப்ப திரும்புங்க, இப்ப திரும்புங்க" என்று சொல்வதை மட்டும் விடுங்கள். அந்தப் படம் சில நொடி பின்தங்கியே வரும். நீங்கள் சொல்லும்போது அவர் திருப்பத்தைத் தாண்டியிருப்பார்.

முதன்மை வழியாக இதை வைத்துக்கொள்ள நான் சொல்ல மாட்டேன். வழி தவறிய பிறகு மீட்பதற்கு இதைவிட நல்லது கிடையாது.

## வழி நான்கு: லைவ் லொகேஷன், பிளஸ் கோடு, எண்கள்

இவை நவீனமாகத் தெரிவதால் முதலில் இவற்றுக்கே போகிறோம். உண்மையில் இவை சரிசெய்வது பெரும்பாலும் முதல் வகைக் கோளாறை மட்டும்.

பிளஸ் கோடு என்பது மேப்பில் ஓர் இடத்துக்கான குறியீடு. கூட்டல் குறிக்கு முன் நான்கு எழுத்து, பின் இரண்டு எழுத்து, அதோடு ஊர்ப் பெயர். அந்த நீளத்தில் அது குறிப்பது ஏறக்குறைய 14 மீட்டருக்கு 14 மீட்டர் கட்டம். தெருப்பெயரே இல்லாத, கதவு எண் இல்லாத இடத்துக்கு இது நல்ல மருந்து. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் அதே வேலையைச் செய்யும். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் ஒரு மீட்டர் அளவுக்குத் துல்லியம், நான்கு என்றால் சுமார் 11 மீட்டர். இரண்டையும் போனில் வாயால் சொல்வது வீண். ஓர் எழுத்து மாறினாலும் வேறெங்கோ போய்விடும். தட்டித் திறக்கும்படி எழுத்தாக அனுப்ப வேண்டும்.

ஆனால் நம் கட்டடத்துக்கு? கட்டடத்தின் நடுவே எடுத்த பிளஸ் கோடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் மிக அருகில் உள்ள சாலை பெரிய சாலைதான். டிரைவர் அதே மதிலுக்கு வந்து நிற்பார். லைவ் லொகேஷனும் அப்படியே. மேலும் அது உங்கள் போனின் ஜிபிஎஸ்ஸை நம்பி இருக்கிறது. கட்டடத்துக்குள் இருந்துகொண்டு அனுப்பினால், பின்னை ஏமாற்றிய அதே பிசகை இரண்டாவது முறை அனுப்புகிறீர்கள். வாசலுக்கு வெளியே தெருவில் வந்து நின்று, நீல வட்டம் சுருங்கும் வரை பொறுத்து, அங்கே எடுத்து அனுப்பினால் பலன் உண்டு.

செலவு இன்னொரு பக்கம் ஒளிந்திருக்கிறது. பல ஆப்கள் பயணி, டிரைவர் இருவரின் எண்ணையும் மறைத்தே அழைப்பை இணைக்கின்றன. வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்ப வேண்டுமானால் அந்தத் திரையை நீங்களே விலக்கி, சொந்த எண்ணைக் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் லைவ் லொகேஷனில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று தேர்வு இருக்கும். 15 நிமிடத்துக்கு மேல் கொடுக்கக் காரணம் இல்லை, ஏறியதும் நிறுத்திவிடுங்கள். வீட்டு வாசலில் தனியாகக் காத்திருப்பவர் இதை யோசித்தே செய்ய வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | பின்னை நகர்த்துவது | அடையாளம் எழுதுவது | போனில் பேசுவது | லொகேஷன் / கோடு |
|---|---|---|---|---|
| ஓட்டும்போது பயன்படுமா | பயன்படும், மேப்பே பேசும் | முன்பே படித்திருந்தால் | நிறுத்திப் பேசினால்தான் | திறக்க நிறுத்த வேண்டும், பிறகு மேப் பேசும் |
| எல்லாத் திசைக்கும் பொருந்துமா | பெரும்பாலும் | பொருளை வைத்து எழுதினால் | பொருந்தும் | பெரும்பாலும் |
| தவறு எப்போது தெரியும் | வந்து நின்ற பிறகு | தாண்டும் அடையாளத்தில் | உடனே | வந்து நின்ற பிறகு |
| இடமே தப்பான பின் | நல்லது | உதவும் | உதவும் | மிக நல்லது |
| வாசல் வேறு சாலையில் | தெருவின் மேல் வைத்தால் நல்லது | மிக நல்லது | நல்லது | தெருவில் நின்று எடுத்தால்தான் பலன் |
| மறைந்த செலவு | நடை, நிறுத்த இடம் | வரியைப் புதுப்பிப்பது | கவனச்சிதறல் | சொந்த எண் |

## யாருக்கு எது

நம் கட்டடத்தில் குடியிருப்பவருக்கு நான் சொல்வது ஒன்றையும் இரண்டையும் சேர்த்து. பின் உள்தெருவின் மேல், சேமித்து வைத்த அடையாள வரி டிரைவர் கிளம்பும் முன், அதற்குப் பிறகும் மதிலுக்குப் போய்விட்டால் மட்டும் போன். லொகேஷனைத் தொட வேண்டியதே இல்லை.

புதிதாக உருவான மனைப்பிரிவு, தோட்டத்து வீடு, மேப்பில் தெருவே வரையப்படாத இடம் என்றால் வரிசை தலைகீழ். அங்கே திருப்பத்துக்குத் திருப்பம் அடையாளமே கிடைக்காது. பிளஸ் கோடு முதலில், அதோடு கடைசியாகத் தார்ச்சாலையை விட்டு இறங்கும் இடத்துக்கு ஒரே ஓர் அடையாளம்.

வீட்டுக்குத் திரும்பி வருகிற பயணம் வேறு கணக்கு. நீங்களே வண்டிக்குள் இருக்கிறீர்கள், ஆகவே எதையும் அனுப்ப வேண்டியதில்லை. பங்க் சிக்னல் வருவதற்கு முன்பே "மேப் நேரா போகச் சொல்லும், நாம பங்க் பக்கமா உள்ள போகணும்" என்று சொல்லிவிட்டால் போதும். சிக்னலில் வந்து சொன்னால் அவர் வேறு வரிசையில் நிற்பார்.

கஷ்டமானது, இன்னொருவருக்காக வண்டி பதிவு செய்வது. அம்மா வீட்டில் இருக்கிறார், நீங்கள் அலுவலகத்திலிருந்து பதிவு செய்கிறீர்கள். ஏறும் இடத்தை நீங்கள் மாற்றாவிட்டால் பின் உங்கள் அலுவலகத்தில் விழும், இதை முதலில் பாருங்கள். அடுத்து, டிரைவர் அழைப்பது உங்களைத்தான், தெருவைப் பார்க்கக்கூடியவர் அம்மா. நடுவில் நின்று இருவரிடமும் மாறி மாறிப் பேசினால் வழி மேலும் குழம்பும். எழுதி வைத்த வரிக்கு இங்கே ஈடே இல்லை. அதையே அம்மாவின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். டிரைவரிடம் அம்மாவின் எண்ணைக் கொடுக்கலாமா என்று அம்மாவையே கேட்டுவிட்டு, சரி என்றால் இருவரையும் நேரடியாகப் பேசவிடுங்கள். வண்டி எண்ணையும் நிறத்தையும் அம்மாவுக்குச் சொல்லிவிட்டால், அவர் கேட்டுக்குள்ளேயே இருந்து பார்த்துக்கொள்ளலாம்.